பிரித்துக்காட்டாத கேள்விகளை நீக்குவது எப்படி: ஐ.ஆர்.டி. ஓர் எளிய அறிமுகம்

ஒரு தேர்வில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வேலை இருக்கிறது. பாடம் தெரிந்தவர் அதற்குச் சரியாக விடை சொல்ல வேண்டும், தெரியாதவர் தடுமாற வேண்டும். நன்றாகப் படித்தவரும் படிக்காதவரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் ஒரு கேள்வியைச் சரியாகச் செய்கிறார்கள் என்றால், அந்தக் கேள்விக்கு மார்க் கொடுக்கிறோமே தவிர, அதிலிருந்து யாரைப் பற்றியும் எதுவும் தெரிந்துகொள்வதில்லை. அப்படிப்பட்ட கேள்விகளை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு எதைத் தூக்குவது, எதை விட்டுவைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பழைய முறை ஒன்று உண்டு. மொத்த மார்க்கில் மேலே உள்ள 27 சதவீதம் பேரையும் கீழே உள்ள 27 சதவீதம் பேரையும் தனியாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு கேள்வியை மேல் குழுவில் எத்தனை பங்கு பேர் சரியாகச் செய்தார்கள், கீழ்க் குழுவில் எத்தனை பங்கு பேர் என்று பார்த்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பார்கள். மேலே 0.80, கீழே 0.35 என்றால் வித்தியாசம் 0.45, நல்ல கேள்வி. 0.20-க்குக் கீழே போனால் மோசம் என்பது வழக்கமான கணக்கு. கையாலேயே போட்டுவிடலாம். வகுப்புத் தேர்வுக்கு இன்றும் இது தாராளமாகப் போதும்.

ஆனால் இதில் ஒரு குறை. மிக எளிதான கேள்வியும் மிகக் கடினமான கேள்வியும் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகும். கீழ்க் குழுவிலேயே 85 சதவீதம் பேர் சரியாகச் செய்துவிட்டால், மேல் குழு நூற்றுக்கு நூறு செய்தாலும் வித்தியாசம் 0.15-ஐத் தாண்டாது. அந்தக் கேள்வி உண்மையில் எதையுமே பிரிக்கவில்லையா, அல்லது மிகவும் பின்தங்கிய சிலரை மட்டும் துல்லியமாகப் பிரிக்கிறதா என்று இந்த எண் சொல்லாது. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கத்தான் ஐட்டம் ரெஸ்பான்ஸ் தியரி, சுருக்கமாக ஐ.ஆர்.டி., உதவுகிறது.

ஐ.ஆர்.டி.யின் அடிப்படை எண்ணம் இதுதான்: தேர்வு எழுதும் ஒவ்வொருவருக்கும் நேரடியாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு திறன் அளவு இருக்கிறது. அதைத் தீட்டா என்பார்கள். குழுவின் சராசரி 0, பரவல் 1 என்று வைத்துக்கொள்வது வழக்கம். அதனால் பெரும்பாலானவர்கள் −2-க்கும் +2-க்கும் நடுவில் வருவார்கள். தீட்டா ஏற ஏற, ஒரு கேள்வியைச் சரியாகச் செய்யும் வாய்ப்பும் ஏற வேண்டும். எப்படி ஏறுகிறது என்பதை ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வளைகோடாக வரையலாம். அந்த வளைகோட்டின் சூத்திரம் இது:

```
P = 1 / (1 + exp(-a * (theta - b)))
```

இதில் b என்பது கேள்வியின் கடினம். சரியாகச் செய்யும் வாய்ப்பு பாதிக்குப் பாதியாக இருக்கும் இடத்தில் தீட்டா எவ்வளவோ, அதுதான் b. நமக்கு முக்கியமானது a. வளைகோடு அந்த இடத்தில் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதை அது சொல்கிறது. பிரித்துக்காட்டும் திறன் என்பது இந்த a-தான். இப்படிக் கேள்விக்கு இரண்டு எண்கள் வைப்பதால் இதற்கு 2PL மாதிரி என்று பெயர்.

இரண்டு கேள்விகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டுக்கும் b = 0. முதல் கேள்விக்கு a = 1.6, இரண்டாவதற்கு a = 0.3. தீட்டா −1 உள்ள ஒருவர் முதல் கேள்வியைச் சரியாகச் செய்யும் வாய்ப்பு 17 சதவீதம்; +1 உள்ளவருக்கு 83 சதவீதம். இரண்டாவது கேள்வியில் அதே இருவருக்கும் 43 சதவீதம், 57 சதவீதம். முதல் கேள்வியின் விடையைப் பார்த்தால் ஆள் யார் என்று ஓரளவு ஊகிக்கலாம். இரண்டாவதில் நாணயம் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எவ்வளவு மோசம் என்பதற்கும் ஒரு அளவு உண்டு. ஒரு கேள்வி ஒரு குறிப்பிட்ட தீட்டாவில் தரும் தகவல் அளவு, a-யின் வர்க்கத்தை P-யாலும் (1−P)-யாலும் பெருக்கினால் வரும். அது உச்சத்தைத் தொடுவது தீட்டா b-க்குச் சமமாகும் இடத்தில். அங்கே அதன் மதிப்பு a-யின் வர்க்கத்தில் கால் பங்கு. முதல் கேள்விக்கு 0.64. இரண்டாவதற்கு 0.0225. அதாவது இரண்டாவதைப் போன்ற 28 கேள்விகளைச் சேர்த்தால்தான் முதலாவதைப் போன்ற ஒரு கேள்விக்கு ஈடாகும். a வர்க்கமாகப் போவதால், அது கொஞ்சம் குறைந்தாலும் இழப்பு அதிகம்.

சரி, இப்போது ஒரு தேர்வை எடுத்துக்கொண்டு உள்ளே போவோம். இது விளக்கத்துக்காக நான் அமைத்த உதாரணம், எண்களும் அப்படியே. எண்கணிதத்தில் 30 கேள்விகள், எல்லாம் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. 600 பேர் எழுதியிருக்கிறார்கள். தேர்வின் நோக்கம், அடிப்படையில் பின்தங்கியிருப்பவர்களைக் கண்டுபிடித்துக் கூடுதல் பயிற்சி கொடுப்பது. இந்த நோக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு முடிவு இதை வைத்துத்தான் எடுக்கப்போகிறோம்.

விடைகளை 0, 1 என்று ஒரு அட்டவணையாக்கி (வரிசைக்கு ஒருவர், பத்திக்கு ஒரு கேள்வி), ஆர் மென்பொருளில் உள்ள mirt தொகுப்பிடம் கொடுத்தால் a, b இரண்டையும் கணக்கிட்டுத் தந்துவிடும்.

```r
library(mirt)
fit <- mirt(vidai, 1, itemtype = "2PL", SE = TRUE)
coef(fit, IRTpars = TRUE, printSE = TRUE)
```

இங்கே vidai என்பது அந்த அட்டவணையின் பெயர். 1 என்றால், எல்லாக் கேள்விகளும் ஒரே ஒரு திறனைத்தான் அளக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறோம் என்று பொருள். SE என்பது ஒவ்வொரு மதிப்பீட்டிலும் எவ்வளவு தடுமாற்றம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்கிறது. அதைக் கேட்காமல் விடாதீர்கள், ஏன் என்று பிறகு பார்ப்போம்.

முடிவு வந்தால் முதலில் a பத்தியைக் கீழிருந்து மேலாக வரிசைப்படுத்துங்கள். நடைமுறையில் 0.35-க்குக் கீழ் மிகக் குறைவு, 0.65 வரை குறைவு, 1.35 வரை நடுத்தரம், அதற்கு மேல் நல்லது என்று ஒரு அளவுகோல் புழங்குகிறது. நம் தேர்வில் பெரும்பாலான கேள்விகளுக்கு a 0.8-க்கும் 1.8-க்கும் நடுவில் வந்திருக்கிறது. கீழே மூன்று கேள்விகள் தனியாகத் தெரிகின்றன: 7-ஆம் கேள்விக்கு −0.75, 12-ஆம் கேள்விக்கு 0.17, 21-ஆம் கேள்விக்கு 0.22.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். மூன்றையும் அழித்துவிட்டு 27 கேள்விகளோடு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். a குறைவு என்பது ஏதோ கோளாறு என்று மட்டும்தான் சொல்கிறது. என்ன கோளாறு என்று தெரிய, கேள்வித்தாளையும் யார் எந்த விடையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தீட்டாவின்படி 600 பேரையும் ஐந்து சம குழுக்களாகப் பிரித்து, மேல் குழுவில் உள்ள 120 பேரும் கீழ்க் குழுவில் உள்ள 120 பேரும் எந்த விடைகளுக்குப் போனார்கள் என்று எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் வெளியே வந்துவிடும்.

7-ஆம் கேள்வி: 8 − 3 × 2 = ? விடைக்குறிப்பில் சரியான விடை 10 என்று இருக்கிறது. மேல் குழுவில் 10-ஐத் தேர்ந்தெடுத்தவர்கள் 18 பேர், 2-ஐத் தேர்ந்தெடுத்தவர்கள் 98 பேர். கீழ்க் குழுவில் 10-க்கு 71 பேர், 2-க்கு 22 பேர். பெருக்கலை முதலில் செய்ய வேண்டும், ஆகவே சரியான விடை 2. விடைக்குறிப்பைத் தயாரித்தவர் இடமிருந்து வலமாகக் கழித்துப் பெருக்கி 10 என்று எழுதிவிட்டார். தெரிந்தவர்களுக்குப் பூஜ்யமும் தெரியாதவர்களுக்கு ஒரு மார்க்கும் போனதால் வளைகோடு தலைகீழாகிவிட்டது. குறிப்பைத் திருத்தி மறுபடி ஓட்டினால் a 1.07-க்கு வருகிறது, b ஏறக்குறைய 0. நல்ல கேள்வி! நீக்கியிருந்தால் தேர்வின் உருப்படியான கேள்விகளில் ஒன்றைத் தொலைத்திருப்போம். a எதிர்மறையாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விடைக்குறிப்பைத்தான், கேள்வியை அல்ல.

12-ஆம் கேள்வி: 1/2-க்குச் சமமான பின்னம் எது? அ) 2/4, ஆ) 1/4, இ) 3/6, ஈ) 2/3. விடைக்குறிப்பு ‘அ’ என்கிறது. படிக்கும்போதே உங்களுக்குப் பிடிபட்டிருக்கும், 3/6-ம் சரிதான். மேல் குழுவில் 55 பேர் ‘அ’, 62 பேர் ‘இ’. கீழ்க் குழுவில் ‘அ’ 41, ‘ஆ’ 32, ‘இ’ 21, ‘ஈ’ 26. தெரிந்தவர்கள் இரண்டு சரியான விடைகளுக்கு நடுவே பாதி பாதியாகப் பிரிந்து போயிருக்கிறார்கள். அதனால் ‘அ’-வை மட்டும் சரி என்று எண்ணும்போது மேல் குழு 46 சதவீதத்திலும் கீழ்க் குழு 34 சதவீதத்திலும் நிற்கிறது. கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. இரண்டையும் சரி என்று ஏற்றுக்கொண்டால் மேல் குழுவில் 117 பேர், கீழ்க் குழுவில் 62 பேர். a 1.3-க்கு ஏறுகிறது. அடுத்த முறை ‘இ’-யை மாற்றி எழுத வேண்டும், அது தனி. இந்த முறை மார்க் போட இதுவே போதும்.

இதில் ஒரு நுணுக்கம். தவறான விடை ஒன்றைக் கீழ்க் குழுவைவிட மேல் குழு அதிகமாகத் தேர்ந்தெடுத்தால், அந்த விடை தவறில்லாமல் இருக்கலாம், அல்லது கெட்டிக்காரர்களை மட்டும் சிக்கவைக்கும் ஏதோ ஒன்று அதில் இருக்கலாம். a என்ற ஒற்றை எண்ணில் இது தெரியாது. விடைவாரியான எண்ணிக்கையில்தான் தெரியும்.

21-ஆம் கேள்வி: பின்வருவனவற்றுள் பகா எண் அல்லாதது அல்லாத எண் எது? விடைகள் 9, 11, 15, 21. சரியான விடை 11. மேல் குழுவில் 68 பேர் சரி, கீழ்க் குழுவில் 50 பேர் சரி. மற்ற மூன்று விடைகளுக்கும் இரண்டு குழுக்களிலும் ஆட்கள் சிதறிக் கிடக்கிறார்கள், எந்தப் பாங்கும் இல்லை. விடைக்குறிப்பில் தவறில்லை, இரண்டு சரியான விடைகளும் இல்லை. கேள்வியே இரட்டை மறுப்பில் சிக்கிக்கொண்டது. பகா எண் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வாசிப்பில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். எண்கணிதத்தை அளக்க வந்த கேள்வி பொறுமையைத்தான் அளந்தது. விடைக்குறிப்பை எப்படி மாற்றினாலும் இது சரியாகாது. மூன்றில் உண்மையிலேயே நீக்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

நீக்கினால் நமக்கு என்ன நஷ்டம்? இந்தக் கேள்வி தரக்கூடிய அதிகபட்சத் தகவல் 0.012. தீட்டா −1 என்ற இடத்தில் தேர்வு முழுவதும் சேர்ந்து தரும் தகவல் 6.25 என்று வைத்துக்கொள்வோம். அளவீட்டின் பிழை என்பது ஒன்றைத் தகவலின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது, இங்கே 0.40. இந்தக் கேள்வியை எடுத்த பிறகும் அதே 0.40-தான், மாற்றம் நான்காவது தசம இடத்தில்.

அப்படியானால் விட்டுவைத்தால்தான் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில், மார்க் எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2PL மாதிரியை வைத்தே தீட்டாவைக் கணக்கிட்டால், ஒவ்வொரு கேள்விக்கும் அதன் a அளவுக்குத்தான் எடை கிடைக்கும். 0.22 உள்ள கேள்விக்கு 1.6 உள்ள கேள்வியின் எடையில் ஏழில் ஒரு பங்குதான், ஆகவே கெடுதல் ரொம்பக் குறைவு. ஆனால் பெரும்பாலான தேர்வுகளில் சரியான விடைகளை எண்ணி மொத்த மார்க் போடுகிறோம். அங்கே நல்ல கேள்விக்கும் ஒரு மார்க், 21-ஆம் கேள்விக்கும் ஒரு மார்க். அந்த ஒரு மார்க் பெரும்பாலும் அதிர்ஷ்டம். பாஸ் கோட்டுக்கு அருகில் நிற்பவருக்கு அது ஒன்றே விதியை மாற்றிவிடும். கூட்டல் மார்க் போடுகிறவர்களுக்குத்தான் இந்தச் சுத்தப்படுத்தல் அதிகம் தேவைப்படுகிறது என்பது என் கருத்து.

இப்போது எதிர்ப்பக்கம் ஒரு கேள்வி. 2-ஆம் கேள்வி மிக எளிது; a = 1.3, b = −2.6. மேலே சொன்ன 27 சதவீதக் கணக்கில் இதற்கு வித்தியாசம் 0.16 அளவில்தான் வரும், ஆகவே அந்த முறை இதைத் தூக்கச் சொல்லும். ஐ.ஆர்.டி. வேறு கதை சொல்கிறது. தீட்டா 0 உள்ளவர் இதைச் சரியாகச் செய்யும் வாய்ப்பு 97 சதவீதம், +1 உள்ளவருக்கு 99. அங்கே இது எதையும் பிரிக்கவில்லை. ஆனால் தீட்டா −1-ல் 89 சதவீதம், −2-ல் 69, −3-ல் 37. கீழ்ப்பகுதியில் கோடு நன்றாகச் சரிகிறது. இந்தக் கேள்வி தரும் தகவல் தீட்டா 0-ல் வெறும் 0.05, −2-ல் 0.36.

நம் தேர்வு பின்தங்கியவர்களைக் கண்டுபிடிக்கத்தான் நடத்தப்படுகிறது. −2 பக்கம் பயன்படும் கேள்விகள் எப்போதும் கொஞ்சம்தான் இருக்கும். அங்கே மொத்தத் தகவல் 2.5 என்றால், பிழை 0.63, இந்த ஒரு கேள்வியை எடுத்துவிட்டால் 0.68-க்குப் போய்விடும். 21-ஆம் கேள்வியை நீக்கியதில் ஒன்றும் அசையவில்லை, இதில் அசைகிறது. எனவே இது இருக்க வேண்டும். இதுவே சிறந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாக இருந்தால் இந்தக் கேள்விக்கு அங்கே வேலையே இல்லை. a நன்றாக இருந்தும் தூக்கிவிடலாம். a-யை மட்டும் பார்த்து வெட்டுவதைவிட, முடிவெடுக்கும் இடத்தில் கேள்வி தரும் தகவலைப் பார்த்து வெட்டுவது மேல்.

b-யைப் படிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. a மிகக் குறைவாக இருந்தால் b-யை நம்பக்கூடாது. 80 சதவீதம் பேர் சரியாகச் செய்த ஒரு கேள்விக்கு a 0.3 என்றால் b −4.6 பக்கம் போய் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ‘அடேயப்பா, எவ்வளவு எளிதான கேள்வி’ என்று நினைப்பது தவறு. படுத்துக்கிடக்கும் கோடு பாதி வாய்ப்பைத் தொட வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், a அதிகமாக இருப்பது எப்போதும் நல்ல செய்தியும் இல்லை. நம் தேர்வில் 28, 29 ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் a 3-ஐ ஒட்டி வந்திருக்கிறது. பார்த்தால் பிரமாதம். தாளைத் திறந்தால், 28 ஒரு செவ்வகத்தின் பரப்பளவைக் கேட்கிறது, 29 அதே பரப்பளவை வைத்து அடுத்த கணக்கைக் கேட்கிறது. முதலாவதில் தவறினால் இரண்டாவதிலும் தவறுவது நிச்சயம். இரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்று மாதிரி நம்புகிறது. ஆகவே இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதைப் பார்த்து, இரண்டுமே திறனை அபாரமாக அளக்கின்றன என்று ஏமாந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, தீட்டாவின் பாதிப்பைக் கழித்த பிறகும் இரண்டு கேள்விகளுக்கு நடுவே ஒட்டுறவு மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது.

```r
residuals(fit, type = "Q3")
```

இதில் 0.2-க்கு மேல் நிற்கும் ஜோடிகளை எடுத்துப் பார்ப்பது வழக்கம். 28, 29 ஜோடி இங்கே பளிச்சென்று தெரியும். ஒன்றை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் மற்றதன் a சாதாரண அளவுக்கு இறங்கிவிடும். ‘குறைந்த a உள்ளதை எல்லாம் வெட்டு’ என்று கண்ணை மூடிக்கொண்டு போகிறவர்கள், நல்ல கேள்விகளை வெட்டி இந்த மாதிரிப் போலிகளைக் காப்பாற்றிவிடும் ஆபத்து உண்டு.

இதனால்தான் ஒரே மூச்சில் பல கேள்விகளை நீக்கக்கூடாது. தீட்டா என்பது வெளியிலிருந்து வந்த அளவு இல்லை, இந்தக் கேள்விகளை வைத்தே கட்டிய அளவு. தலைகீழான விடைக்குறிப்போடு ஒரு கேள்வி உள்ளே இருக்கும்வரை மற்ற கேள்விகளின் a-யும் கொஞ்சம் கலங்கியிருக்கும். முதலில் விடைக்குறிப்புப் பிழைகளைத் திருத்தி ஓட்டுங்கள். பிறகு ஒட்டிக்கிடக்கும் ஜோடிகளைப் பிரித்து ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் மோசமாக நிற்கும் கேள்வியை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு முறையும் மற்றவை எப்படி நகர்கின்றன என்று பாருங்கள். 30 கேள்விகளுக்கு இது ஒரு மதியநேர வேலைதான்.

இனி SE விஷயம். 600 பேர் எழுதிய தேர்வில் a-யின் மதிப்பீடு ஓரளவு நிலையாக இருக்கும். 100 பேர் மட்டும் எழுதியிருந்தால்? ஒரு கேள்விக்கு a = 0.45, SE = 0.25 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பொருள், உண்மையான a பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கலாம், 0.9-க்கு மேலும் இருக்கலாம். இந்த எண்ணை வைத்து யாரையும் தூக்கில் போட முடியாது. சில நூறு பேராவது எழுதியிருந்தால்தான் 2PL-ஐ வைத்து இப்படி முடிவெடுக்கலாம். அதற்குக் குறைவாக இருந்தால் பழைய 27 சதவீதக் கணக்கும், விடைவாரியான எண்ணிக்கையும், கேள்வியை உரக்கப் படித்துப் பார்க்கும் பழக்கமும் போதும். அந்த எண்ணிக்கையில் சிக்கலான மாதிரி கூடுதலாக எதையும் சொல்லிவிடாது.

யார் எழுதினார்கள் என்பதும் a-யை மாற்றும். தீட்டாவின் பரவலை 1 என்று வைத்தது நம் வசதிக்காக. அது எழுதிய குழுவின் பரவல். எல்லோரும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருக்கும் ஒரு குழுவிடம், அதாவது பரவல் பாதியாக உள்ள குழுவிடம், அதே கேள்வித்தாளைக் கொடுத்தால் எல்லா a-களும் பாதியாகக் குறைந்து வரும். 1.2 இருந்த கேள்வி 0.6 ஆகிவிடும். கேள்வி கெட்டுப்போகவில்லை, அளவுகோல் மாறிவிட்டது. முன்னேயே வடிகட்டி எடுத்தவர்களிடம் ஒரு தேர்வைச் சோதித்துவிட்டு, 0.65 என்ற கோட்டை வைத்துப் பாதிக் கேள்விகளைத் தூக்கிவிடுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் விபத்து. எல்லா a-களும் ஒட்டுமொத்தமாகக் குறைந்திருந்தால் குழுவைச் சந்தேகப்படுங்கள். ஒன்றிரண்டு மட்டும் தனியாகக் கீழே கிடந்தால் அந்தக் கேள்விகளைச் சந்தேகப்படுங்கள்.

கடைசியாகக் கடினமான கேள்விகள். 30-ஆம் கேள்விக்கு a = 0.4, b = 2.0 என்று வந்திருக்கிறது. ஐந்து குழுக்களையும் வரிசையாகப் பார்த்தால், கீழ்க் குழுவில் 26 சதவீதம், நடுக் குழுவில் 27, மேல் குழுவில் 50. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே 25 சதவீதம் கிடைக்கும். கோடு 25 அருகே நேராகப் படுத்திருந்து, மேல் முனையில்தான் சட்டென்று எழுகிறது. 2PL மாதிரிக்கு அந்தப் படுத்திருக்கும் பகுதி புரியாது. அது கோடு பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும் என்று நினைக்கும். இரண்டையும் சமாளிக்க ஒரு சாய்வான கோட்டைப் போட்டுவிடுகிறது, a குறைந்துவிடுகிறது. ஊகத்துக்கென்று மூன்றாவது எண் ஒன்றைச் சேர்க்கும் 3PL மாதிரியில் போட்டால் இதே கேள்விக்கு a கணிசமாக ஏறும். ஆனால் அந்த மூன்றாவது எண்ணை நம்பத்தகுந்தபடி மதிப்பிட ஆயிரம் பேருக்கு மேல் தேவைப்படும். 600 பேரை வைத்து நான் செய்வது, குழுவாரியான சதவீதங்களைப் படமாகப் போட்டுக் கண்ணால் பார்ப்பதுதான். இந்தத் தேர்வின் நோக்கத்துக்கு 30-ஆம் கேள்வி தேவையில்லை, எடுத்துவிடலாம். ஆனால் அது மோசமான கேள்வி என்று எழுதிவைக்கக்கூடாது. மேல்நிலைத் தேர்வுக்கு எடுத்துவைக்கலாம்.

ராஷ் மாதிரி பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வரி. டென்மார்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் ராஷ் 1960-ல் வெளியிட்ட அந்த மாதிரி, எல்லாக் கேள்விகளுக்கும் a ஒன்றே என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே a-யைப் பார்த்து நீக்க வழியில்லை. மாதிரியோடு கேள்வி எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் இன்ஃபிட், அவுட்ஃபிட் எண்களைப் பார்ப்பார்கள். அவை 1.3-ஐத் தாண்டினால் பெரும்பாலும் அது பிரித்துக்காட்டாத கேள்வி.

தேர்வு முடிந்த பிறகு 21-ஆம் கேள்வியை நீக்கினால் மார்க்கை என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு: எல்லோருக்கும் அந்த ஒரு மார்க்கைக் கொடுத்துவிடுவது, அல்லது மீதி 29 கேள்விகளுக்கு மட்டும் மார்க் போடுவது. தரவரிசை இரண்டிலும் ஒன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் முதல் வழியில் எல்லோருக்கும் சமமாக ஒன்று கூடுகிறது. வித்தியாசம் பாஸ் கோட்டில். 12 மார்க் எடுத்தால் பாஸ் என்ற கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரு மார்க் கொடுத்தால், மீதி 29-ல் 11 எடுத்தவரும் தப்பித்துவிடுவார். 29-க்குப் போட்டு 12-ஐ அப்படியே வைத்தால், 21-ஆம் கேள்வியின் மார்க்கோடு 12 எடுத்திருந்தவர் விழுந்துவிடுவார். எந்த வழி என்பதை மார்க்குகளைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

கேள்வி வங்கியில் 7, 12 இரண்டுக்கும் புதிய a, b எண்களையும், எந்தக் குழுவிடம் எடுத்தது என்பதையும் குறித்துவையுங்கள். 21-ஐ ‘பின்வருவனவற்றுள் பகா எண் எது?’ என்று மாற்றி எழுதினால் அது புதுக் கேள்வி. பழைய 0.22 அதற்குப் பொருந்தாது. அடுத்த தேர்வில் மார்க் கணக்கில் சேர்க்காமல் ஒருமுறை எழுதவைத்து, அதன் கோடு எப்படி எழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.